பழைய நேரமா, புதிய நேரமா: ஒரு நாளை ஓர் ஆண்டாக எண்ணும் முறையை நான் ஏன் பிடித்துக்கொண்டேன்

அக்காவின் மகளுக்கு 2023இல் கலியாணம் பேசத் தொடங்கினோம். சாதகத்தைக் கையில் வாங்கிய சாத்திரியார் ராசியையும் கேட்கவில்லை, நட்சத்திரத்தையும் கேட்கவில்லை. "இது பழைய நேரமா, புதிய நேரமா?" என்றார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

பிள்ளை பிறந்தது 1998 ஆகஸ்ட் 26, மட்டக்களப்பின் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு கிராமத்தில், வீட்டிலேயே. பிள்ளையை எடுத்த மருத்துவிச்சி கொப்பித் தாளில் "காலை 6.10" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். எந்த மணிக்கூட்டின் 6.10 என்பதுதான் சிக்கல். 1996 மே 25இல் இலங்கையின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். அப்படியே 2006 ஏப்ரல் 15 வரை கிரீன்விச்சுக்கு 6 மணித்தியாலம் முன்னால் ஓடினோம். விடுதலைப் புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை, பழைய ஐந்தரையிலேயே நின்றன. வாவியின் கிழக்கே உள்ள எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரையில் போய் இறங்கினால் மணிக்கூடு அரை மணித்தியாலம் பின்னால் நிற்கும்.

அந்த ஓகஸ்ட் காலையில் இங்கே சூரியன் எழுந்தது புதிய நேரத்தில் ஏறத்தாழ 6.26, பழைய நேரத்தில் 5.56. அதனால் பிள்ளை பிறந்தபோது வெயில் வந்துவிட்டதா என்று தெரிந்தாலே பிரச்சினை தீர்ந்துவிடும். அம்மம்மாவிடம் கேட்டேன். "வெயில் எறிச்சிட்டு மனே, முத்தத்தில நெல்லுக் காயப் போட்டிருந்த" என்றார். பெரியம்மாவோ விளக்கு இன்னும் அணைக்கவில்லை என்று அடித்துச் சொன்னார். இருபத்தைந்து வருடம் போன பிறகு இதில் யாரை நம்புவது?

அன்றுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. எந்தக் கணிப்பு முறை நல்லது என்று வாதிடுவதற்கு முன்பு, பிறந்த நேரம் பிசகினால் எந்த முறை எவ்வளவு பிசகும் என்று பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சரியான நேரம் கையில் உள்ள சாதகம் குறைவு. நான் மூன்று முறைகளை வைத்துப் பார்த்தேன்: நாம் வழக்கமாகப் பார்க்கும் விம்சோத்தரி தசை, மேற்கத்தியச் சோதிடத்தின் சோலார் ஆர்க், அதே மேற்கத்தியச் சோதிடத்தின் செக்கண்டரி புரோகிரஷன். கடைசியாகச் சொன்னதன் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

தசையைப் பற்றி இங்கே அதிகம் விளக்கத் தேவையில்லை. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கிறது. அரை மணித்தியாலம் என்பது அதில் 48இல் ஒரு பங்கு. சூரிய தசையில் பிறந்தவருக்கு 6 ஆண்டில் 48இல் ஒரு பங்கு, ஒன்றரை மாதம். சுக்கிர தசையில் பிறந்தவருக்கு 20 ஆண்டில் 48இல் ஒரு பங்கு, ஐந்து மாதம். முதல் தசையில் விழுந்த பிசகு பின்னால் வரும் எல்லாத் தசைகளையும் அதே அளவுக்குத் தள்ளிவிடும். வாக்கியமா திருக்கணிதமா என்ற பழைய வழக்கு அதற்கு மேல் வேறு. இரண்டு பஞ்சாங்கத்திலும் சந்திரனின் இடம் கொஞ்சம் மாறும்போது தசை முடியும் திகதியும் மாதக்கணக்கில் மாறுகிறது. அதற்காகத் தசையை நான் ஒதுக்கவில்லை. பெரிய காலகட்டங்களைப் பார்க்க அதுதான் கைக்கு வரும். மாதத்தைக் கேட்டால்தான் அதை நம்ப எனக்குத் தயக்கம்.

செக்கண்டரி புரோகிரஷனின் அடிப்படை ஒரே வரிதான்: பிறந்ததற்கு அடுத்த ஒவ்வொரு நாளும் வாழ்க்கையின் ஓர் ஆண்டு. பிறந்து 25ஆம் நாள் கிரகங்கள் வானத்தில் எங்கே நின்றனவோ, அதுதான் 25ஆவது வயதின் சித்திரம். இங்கே கோசாரம்போல இன்றைய வானத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளை பிறந்த முதல் இரண்டு மூன்று மாத வானத்துக்குள்ளேயே முழு ஆயுளும் அடங்கிவிடுகிறது. இதை இரண்டாம் நிலை என்று சொல்வதற்குக் காரணம், முதல் நிலை என்று இன்னொரு பழைய முறை இருக்கிறது. அதில் பூமி தன்னைத் தானே சுற்றும் சுழற்சியில் ஒரு பாகை, அதாவது சுமார் 4 நிமிடம், ஓர் ஆண்டு. அந்த முறையில் எங்கள் அரை மணித்தியாலம் ஏழரை ஆண்டுப் பிசகு. அதைத் தொடவே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நாள் ஆண்டானால் கணக்கு மிக எளிது. 24 மணித்தியாலம் ஓர் ஆண்டு, 2 மணித்தியாலம் ஒரு மாதம், 4 நிமிடம் ஒரு நாள். பிறந்த நேரத்தில் அரை மணித்தியாலம் பிசகினால் வாழ்க்கையில் பிசகுவது ஏழரை நாள். ஒரு முழு மணித்தியாலம் தப்பினாலும் பதினைந்து நாள்தான். இந்த ஒரு கணக்குத்தான் என்னை இதன் பக்கம் இழுத்தது.

பிள்ளையின் சாதகத்திலேயே போட்டுக் காட்டுகிறேன். மேற்கத்தியச் சோதிடம் சாயன ராசிகளைப் பார்ப்பது, அதனால் அயனாம்சம் கழிக்கத் தேவையில்லை. அவள் பிறந்தபோது சூரியன் சாயனக் கன்னியில் இரண்டரைப் பாகை. அதற்கு அடுத்து வந்த அமாவாசை 1998 செப்டெம்பர் 20, கிரீன்விச் நேரம் 17.02க்கு, கன்னி இருபத்தேழரைப் பாகையில். இந்த முறையில் பிறப்புக்குப் பின் வரும் அமாவாசை ஒரு பெரிய திருப்பம். நாளை ஆண்டாக எண்ணி நகர்த்திய சந்திரன் அப்படியே நகர்த்திய சூரியனைத் தொட்டு, சுமார் முப்பது ஆண்டுச் சுற்று ஒன்று புதிதாகத் தொடங்குகிறது. அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகள் பழையவை ஒவ்வொன்றாக முடிந்து கழியும் காலம்.

6.10 புதிய நேரம் என்று வைத்தால் கிரீன்விச்சில் 00.10. அங்கிருந்து அமாவாசை வரை 25 நாள் 16 மணித்தியாலம் 52 நிமிடம். 25 நாள் 25 வயது, 16 மணித்தியாலம் 8 மாதம், 52 நிமிடம் 13 நாள். ஆக 2024 மே 9. பழைய நேரம் என்றால் கிரீன்விச்சில் 00.40, இடைவெளி 30 நிமிடம் குறைகிறது, திகதி 2024 மே 1 அல்லது 2. அம்மம்மா சொன்னது சரியோ பெரியம்மா சொன்னது சரியோ, மே மாதத் தொடக்கம் என்பது அசையவில்லை.

அக்காவிடம் இப்படித்தான் சொன்னேன்: "2024 நடுப்பகுதியைச் சுற்றி முன்பின் ஆறு மாதத்துக்குள் இவளுடைய வாழ்க்கை வேறு தடத்தில் ஏறும்." கலியாணம் என்று நான் சொல்லவில்லை. அமாவாசை மட்டும் அவ்வளவு சொல்லாது. 2024 ஆவணியில் கலியாணம் நடந்து அக்கரைப்பற்றுக்குப் போனாள். அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் அவள் பார்த்த வேலையும் போய், தகப்பனும் தவறியிருந்தார். ஒரு சாதகத்தை வைத்து ஒரு முறையை நிறுவ முடியாது என்பது எனக்குத் தெரியும். நான் இதுவரை இந்த முறையில் போட்ட சாதகம் இருபதுகூட இராது. அதிலும் அறுபது வயது தாண்டியவர்கள் மூன்று பேர்தான், வயதானவர்களுக்கு இது எப்படி ஒத்துவரும் என்று நான் வாய் திறக்க மாட்டேன்.

இனி சோலார் ஆர்க். இதில் நகர்த்திய சூரியன் எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ, அதே தூரத்தை எல்லாக் கிரகத்துக்கும் கூட்டுவார்கள். சிலர் ஆண்டுக்கு ஒரு பாகை என்று மொட்டையாகக் கூட்டிவிடுவார்கள், அது தவறு. ஓகஸ்டில் பிறந்த இவளுக்கு 25 ஆண்டு 8 மாதத்தில் சூரியன் போனது 25 பாகைதான். மொட்டைக் கணக்கில் முக்கால் பாகை கூடிவிடும், அது ஒன்பது மாதப் பிசகு. சனவரியில் பிறந்தவருக்கு எதிர்ப்பக்கமாகப் பிசகும்.

சோலார் ஆர்க்குக்கு ஒரு பெரிய பலம் இருப்பதை மறைக்கக் கூடாது. செக்கண்டரியில் சனி எண்பது வயது வரை நகர்ந்தாலும் பத்துப் பாகையைத் தாண்டுவதே அரிது, நெப்டியூனும் புளூட்டோவும் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும். சில ஆண்டுகளில் சந்திரனைத் தவிர வேறெதுவும் பேசாது. சோலார் ஆர்க்கில் சனியும் சூரியனோடு சேர்ந்து நடக்கும், அதனால் சொல்ல நிறைய இருக்கும். ஆனால் அதைக் கையாள்பவர்கள் பெரிதாக நம்புவது லக்கினத்தையும் பத்தாம் வீட்டு முனையையும். அரை மணித்தியாலத்தில் பத்தாம் முனை ஏழரைப் பாகை நகரும், அது ஏழரை ஆண்டு. இவளுடைய சாயன லக்கினம் புதிய நேரத்தில் சிம்மம் 28, பழைய நேரத்தில் கன்னி 5. இதைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டு சொல்வது நியாயமில்லை. இன்னொன்று, எல்லாக் கிரகமும் ஒரே வேகத்தில் போவதால் வக்கிரம் தொடங்குவதும் நிவர்த்தியாவதும் அதில் தெரிவதில்லை. செக்கண்டரியில் புதன் எந்த வயதில் வக்கிரம் தீர்ந்து முன்னே நடக்கத் தொடங்கியது என்றுகூடப் பார்க்கலாம்.

செக்கண்டரியிலும் நேரப் பிசகு கடிக்கும் இடங்கள் இரண்டு. நகர்த்திய லக்கினமும் பத்தாம் முனையும் சோலார் ஆர்க்கைப் போலவே கெட்டுப்போகும், அவற்றை நான் வரைவதே இல்லை. மற்றது பிறப்புச் சந்திரன். அரை மணித்தியாலத்தில் அது கால் பாகை நகரும். நகர்த்திய சூரியன் அந்தக் கால் பாகையைக் கடக்க மூன்று மாதம் ஆகும். அதனால் சூரியன் பிறப்புச் சந்திரனைத் தொடும் காலத்தைச் சொல்லும்போது அந்த மூன்று மாதம் பிசகலாம் என்று சேர்த்தே சொல்கிறேன்.

1996க்கும் 2006க்கும் இடையில் படுவான்கரையில் பிறந்தவருக்கு astro.com போன்ற தளத்தில் சாதகம் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது அரசாங்க நேரத்தையே எடுத்துக்கொள்ளும். எழுதிவைத்தது பழைய நேரம் என்றால் 6.10ஐ 6.40 என்று கொடுக்க வேண்டும். 1996 மே 25க்கும் ஒக்டோபர் 26க்கும் இடையில் பிறந்திருந்தால் கூட்ட வேண்டியது முழு ஒரு மணித்தியாலம். அக்காவின் மூத்தவன் அந்த ஆடியில் பிறந்தவன். அவனுடைய சாதகத்தை இரண்டு நேரத்துக்கும் போட்டு, பதினைந்து நாள் இடைவெளியோடு இரண்டு திகதியையும் ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.