ஆபரேட்டர் மேலா, இன்ஸ்பெக்டர் மேலா? சம்பள கிரேடு போட மூன்று முறைகள்

பெங்களூரு பீன்யாவில் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கும் ஆள் நிர்வாகமும் என் பொறுப்பு. மொத்தம் 38 பேர், பத்து விதமான வேலைகள். போன வருடம் குவாலிட்டி பிரிவில் இன்ஸ்பெக்டராக இருக்கும் நான்கு பெண்கள் என்னிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "சி.என்.சி. ஆபரேட்டருக்கு 29,000 வருது. அவங்க செஞ்ச பீஸ் சரியா தப்பான்னு சொல்றது நாங்க. எங்களுக்கு ஏன் சார் 25,000?" என்னிடம் பதில் இல்லை. அந்தச் சம்பளங்களை யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. ஒவ்வொருவரும் சேர்ந்தபோது பேசிய தொகை வருடா வருடம் ஏறி வந்திருந்தது, அவ்வளவுதான்.

முதலாளி, புரொடக்‌ஷன் சூபர்வைசர், நான் மூவரும் உட்கார்ந்து வேலை மதிப்பீட்டுக்கு வழக்கத்தில் உள்ள முறைகளில் மூன்றை அதே பத்து வேலைகளுக்குப் போட்டுப் பார்த்தோம். முறை மாறியபோது விடையும் மாறியது.

ஜோடி ஜோடியாக ஒப்பிடுவது

முதலில் தொட்டது இதைத்தான், ஏனென்றால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். பத்து வேலைகளை இரண்டிரண்டாக எடுத்து, "இந்த இரண்டில் கம்பெனிக்கு எது பெரிய வேலை?" என்று கேட்க வேண்டும். பத்து வேலைக்கு 45 ஜோடிகள் வரும். மூவரும் தனித்தனியாகக் குறித்தோம். ஒவ்வொரு வேலையும் எத்தனை முறை ஜெயித்தது என்று எண்ணினால் வரிசை கிடைத்துவிடும்.

சூபர்வைசர் மேலே, பீஸின் ஓரப் பிசிறை எடுக்கும் டிபர்ரிங் ஹெல்பர் கீழே என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிக்கல் நடுவில்தான். ஆபரேட்டரா இன்ஸ்பெக்டரா என்ற ஜோடியில் இரண்டு ஓட்டு ஆபரேட்டருக்கு, ஒரு ஓட்டு இன்ஸ்பெக்டருக்கு. ஏன் என்று கேட்டேன். "அது உட்கார்ந்த இடத்து வேலைதானே" என்றார் சூபர்வைசர். இந்த முறையின் பலவீனம் எனக்குப் புரிந்தது அப்போதுதான். தாளில் ஒரு டிக் இருக்கிறது, அதன் பின்னால் இருக்கும் காரணம் எங்கும் பதிவாவதில்லை. நான் கேட்காமல் விட்டிருந்தால் அந்த எண்ணம் அப்படியே சம்பளமாகியிருக்கும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. என் தாளிலேயே ஸ்டோர் கீப்பர் டிஸ்பாட்ச் இன்சார்ஜை விட மேல், டிஸ்பாட்ச் அக்கவுன்ட்ஸ் உதவியாளரை விட மேல், ஆனால் அக்கவுன்ட்ஸ் உதவியாளர் ஸ்டோர் கீப்பரை விட மேல் என்று வட்டமாகப் போயிருந்தது. இப்படி வட்டம் வந்தால், மதிப்பிட்டவர் ஒவ்வொரு ஜோடியிலும் வேறு வேறு அளவுகோலை மனதில் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அல்லது வேலையை விட்டுவிட்டு அந்த வேலையில் இருக்கும் ஆளை நினைத்துக் குறித்திருக்கிறார். எங்கள் டிஸ்பாட்ச் இன்சார்ஜ் 14 வருடமாக இருக்கும் நல்ல மனிதர், எல்லோருக்கும் அண்ணன். அவருக்கு விழுந்த ஓட்டில் பாதி அவருடைய வேலைக்கு விழுந்ததில்லை.

வரிசை கிடைத்தாலும் இடைவெளி தெரியாது. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் 500 ரூபாய் வித்தியாசமா, 5,000 ரூபாயா என்று இந்தத் தாள் சொல்லாது.

கிரேடை முதலில் எழுதிவிட்டு வேலையை அதில் அடைப்பது

மத்திய அரசின் சம்பள நிலைகள் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். ஐந்து கிரேடு வைத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி விளக்கம் எழுத வேண்டும். "மேற்பார்வையில் வழக்கமான வேலை செய்பவர்", "வரைபடம் படித்துத் தானே முடிவெடுப்பவர்" என்கிற மாதிரி. அப்புறம் ஒவ்வொரு வேலையும் எதில் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரே மாதிரி வேலை நிறைய பேர் செய்யும் இடத்துக்கு இது சரி. எங்களுக்கு இரண்டாவது வேலையிலேயே முட்டியது. இன்ஸ்பெக்டர் திறமையில் நான்காவது கிரேடு, வேலைச் சூழலில் இரண்டாவது கிரேடு. சராசரி எடுத்து மூன்றில் போடலாம் என்றால், திறமைக்கு எவ்வளவு, சூழலுக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு விளக்கத்தில் பதில் இல்லை. இதை அதிக நேரம் இழுக்கவில்லை.

புள்ளி முறை

இதற்கு மூன்று வாரம் ஆனது. நான்கு காரணிகள் எடுத்தோம்: திறமை, பொறுப்பு, உழைப்பு, வேலைச் சூழல். இவற்றைக் காற்றில் இருந்து எடுக்கவில்லை. ஒரே மாதிரியான வேலை எது என்று 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு விளக்கும்போது திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவற்றையும் வேலைச் சூழலையும்தான் சொல்கிறது. அனுபவத்தைத் திறமைக்குள் சேர்த்துக்கொண்டோம்.

மொத்தம் 500 புள்ளி. திறமைக்கு 200, பொறுப்புக்கு 150, உழைப்புக்கும் சூழலுக்கும் தலா 75. ஒவ்வொன்றிலும் ஐந்து படிகள். திறமையில் ஒரு படி 40 புள்ளி, பொறுப்பில் 30, மற்ற இரண்டில் 15. படிகளுக்கான வாசகங்களைக் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் எழுதினோம், ஏனென்றால் இந்தத் தடவை ஒரு ஆபரேட்டரும் ஒரு இன்ஸ்பெக்டரும் குழுவில் இருந்தார்கள்.

| காரணி | இன்ஸ்பெக்டர் | ஆபரேட்டர் |
|---|---|---|
| திறமை | 4ஆம் படி, 160 | 3ஆம் படி, 120 |
| பொறுப்பு | 4ஆம் படி, 120 | 3ஆம் படி, 90 |
| உழைப்பு | 4ஆம் படி, 60 | 4ஆம் படி, 60 |
| சூழல் | 2ஆம் படி, 30 | 4ஆம் படி, 60 |
| மொத்தம் | 370 | 330 |

மெஷினை வேலைக்குத் தயார் செய்யும் செட்டிங்கை எங்கள் ஆபரேட்டர் செய்வதில்லை, அதற்கு செட்டர் தனியாக இருக்கிறார். ஆபரேட்டர் பீஸை ஏற்றி, சைக்கிளை ஓட்டி, பத்து பீஸுக்கு ஒருமுறை மைக்ரோமீட்டர் வைத்து, தேவைப்பட்டால் ஆஃப்செட் திருத்துவார். இன்ஸ்பெக்டர் வரைபடத்தில் உள்ள எல்லா அளவையும் படிக்க வேண்டும், எந்தக் கருவியில் எதை அளப்பது என்று முடிவு செய்ய வேண்டும், லாட்டைப் பாஸ் செய்து கையெழுத்துப் போட வேண்டும். ஆபரேட்டரின் தவறு பெரும்பாலும் அடுத்த பத்து பீஸில் பிடிபட்டுவிடும். இன்ஸ்பெக்டரின் தவறு வாடிக்கையாளர் வாசல் வரை போய் முழு லாட்டாகத் திரும்பி வரும். பொறுப்பில் ஒரு படி மேலே போட்டது இதனால்தான். கூலன்ட் வாடை, சத்தம், நைட் ஷிஃப்ட் எல்லாம் ஆபரேட்டருக்கு. சூழலில் அவருக்கு இரண்டு படி அதிகம், அதில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

இப்போது 'உழைப்பு' என்ற வரியைக் கொஞ்சம் பாருங்கள். நாங்கள் முதலில் எழுதிய வாசகத்தில் எடை தூக்குவதும் நின்றுகொண்டே இருப்பதும் மட்டும்தான் இருந்தன. அதன்படி இன்ஸ்பெக்டருக்கு முதல் படி, வெறும் 15 புள்ளி. மொத்தம் 325. ஆபரேட்டரை விட 5 புள்ளி குறைவு! "நாள் முழுக்க கேஜைப் பார்த்து, சாயங்காலம் பஸ் நம்பர் தெரியறதில்ல சார்" என்று குழுவில் இருந்த இன்ஸ்பெக்டர் சொன்ன பிறகுதான் கண்ணையும் கவனத்தையும் வாசகத்தில் சேர்த்தோம். சேர்த்ததும் ஆபரேட்டரின் படி மாறவில்லை, இவருடையது நான்காம் படிக்கு ஏறியது.

வெயிட்டேஜை மாற்றியும் பார்த்தோம். திறமையை 150ஆகக் குறைத்து, சூழலை 125ஆக ஏற்றினால் இன்ஸ்பெக்டர் 350, ஆபரேட்டர் 340. இடைவெளி சுருங்கியது, வரிசை திரும்பவில்லை. எல்லோரும் சண்டை போடுவது சதவீதத்துக்காக. எங்கள் கணக்கில் வரிசையைத் திருப்பியது ஒரு காரணியின் வாசகம். பெண்கள் அதிகம் இருக்கும் வேலைகள் எங்கே நசுங்குகின்றன என்று தேடுபவர்கள் முதலில் அங்கே பார்க்க வேண்டும்.

மற்ற வேலைகள்: ஹெல்பர் 205, அக்கவுன்ட்ஸ் உதவியாளர் 255, டிஸ்பாட்ச் 260, பர்ச்சேஸ் 270, ஸ்டோர் 285, புரோகிராமர் 380, செட்டர் 400, சூபர்வைசர் 455. ஜோடி முறையில் சுற்றிக்கொண்டிருந்த மூன்று வேலைகளும் 30 புள்ளிக்குள் அடங்கிவிட்டன. திறமையில் ஒரு படியே 40 புள்ளி எனும்போது, 30 புள்ளி வித்தியாசத்தை வித்தியாசமாகவே எடுக்கக் கூடாது. அவை ஒரே கிரேடு. 50, 100 என்று வட்ட எண்ணில் கோடு போடாமல், இடைவெளி பெரிதாக விழும் இடத்தில் போட்டோம்: 205, 255 முதல் 285 வரை, 330, 370 முதல் 400 வரை, 455. ஐந்து கிரேடு. வட்ட எண்ணில் போட்டிருந்தால் செட்டர் 400இல் மேலே போய், புரோகிராமர் 380இல் கீழே நின்றிருப்பார்.

ரூபாய்க்கு வரும்போது

ஹெல்பருக்கு 19,000, சூபர்வைசருக்கு 39,000. இரண்டையும் இணைத்தால் ஒரு புள்ளிக்கு 80 ரூபாய் வருகிறது. ஹெல்பரின் தொகை கர்நாடக அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகவில்லையா என்று முதலில் சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் கோடே தப்பு. நான்காவது கிரேடின் நடுப்புள்ளி 385, அதற்கு 33,400 ரூபாய். மேலும் கீழும் 15 சதவீதம் விட்டால் சுமார் 28,400 முதல் 38,400 வரை.

இன்ஸ்பெக்டர்கள் 25,000இல் இருந்தார்கள். கிரேடின் அடிக்கு வரவே தலைக்கு 3,400, நால்வருக்கும் மாதம் 13,600. முதலாளி ஏப்ரலிலேயே கொடுத்தார். எதிர்ப்பக்கம் டிஸ்பாட்ச் அண்ணன். அவருடைய கிரேடின் உச்சம் சுமார் 27,800, அவர் வாங்குவது 29,000. குறைக்கவில்லை, குறைக்கவும் கூடாது. கிரேடு அவரைத் தாண்டி ஏறும் வரை அவருக்கு இன்க்ரிமென்ட் நின்றிருக்கும், அதற்குப் பதில் போனஸ். இதை நேரில் உட்கார வைத்துச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான்.

"வெளியில் என்ன தருகிறார்கள் என்று விசாரித்து அதையே போடலாமே" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வெளிச் சந்தையில் இன்ஸ்பெக்டருக்கு 24,000 முதல் 26,000 வரைதான். அதை நகல் எடுத்திருந்தால் அந்த நால்வரின் கேள்வி அப்படியே நின்றிருக்கும். ஆனால் சந்தையை ஒதுக்கவும் முடியாது. புரோகிராமர் 44,000 இல்லாமல் கிடைப்பதில்லை. அவருக்கு கிரேடின் உச்சமான 38,400, மேலே 5,600 'சந்தை அலவன்ஸ்' என்று சம்பளச் சீட்டில் தனி வரி. வருடா வருடம் அந்த வரியை மட்டும் மறுபடி பார்ப்போம். கிரேடை உயர்த்திக் கொடுத்திருந்தால் செட்டரும் இன்ஸ்பெக்டரும் கூடவே மேலே போக வேண்டியிருக்கும்.

ஐந்தாறு வேலைகள் மட்டும் இருக்கும் கடைக்கோ ஆபீசுக்கோ ஜோடி முறை போதும், ஒவ்வொரு டிக்குக்கும் பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுதினால். பத்தைத் தொட்டுவிட்டால் நான் புள்ளி முறைக்குத்தான் போவேன். ஜோடி முறையை அதற்கு முன்னால் ஒரு மதியம் செய்து, இரண்டிலும் மாறி வரும் வேலைகளை மட்டும் குழுவில் வைத்துப் பேசுவேன். எங்கள் குழுவில் பேச வந்த வேலைகள் மூன்று. இரண்டைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். மூன்றாவது ஹெல்பர்: உழைப்பிலும் சூழலிலும் அவர்தான் எல்லோருக்கும் மேல் என்று அவர்கள் சார்பில் ஒருவர் மேல்முறையீடு கொடுத்தார். பார்த்தோம். சூழலில் ஏற்கெனவே ஐந்தாம் படி. உழைப்பில் நான்கை ஐந்தாக்கினோம், 220 ஆனது. கிரேடு மாறவில்லை, மாதம் 1,200 ரூபாய் ஏறியது.