மாதாமாதம் வரும் காய்ச்சல்: ஒரு டோஸ் ஸ்டீராய்டா, டான்சில் அறுவையா?

கோத்தகிரியில் 15 கிலோ எடையுள்ள நாலு வயதுக் குழந்தை என்று வைத்துக்கொள்வோம். நாலு வாரத்துக்கு ஒருமுறை 39 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வாய்ப்புண், தொண்டைவலி. ஐந்தாம் நாள் தானே அடங்கிவிடும். இடையில் குழந்தை துறுதுறுவென்றிருக்கும். தொண்டைச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, ஆன்டிபயாடிக் கேட்கவில்லை என்றால் மருத்துவர் பிஎஃப்ஏபிஏ என்ற, குறித்த இடைவெளியில் காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும் நோயைச் சந்தேகிப்பார். காய்ச்சலின்போதும் இடையிலும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை பார்ப்பது முக்கியம். 21 நாளுக்கொருமுறை அது சரிந்தால் நோயே வேறு. கீழே சொல்வது பொருந்தாது.

காய்ச்சல் தொடங்கியதும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை ஒரே ஒரு டோஸ், கிலோவுக்கு 1 மி.கி. கொடுத்தால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். புண் ஆறச் சற்றுத் தாமதமாகும். இந்தக் குழந்தைக்கு 15 மி.கி. தேவை. சிரப் 5 மில்லியில் 5 மி.கி., 15 மி.கி. என இரண்டு வீரியத்தில் வருவதால் லேபிளைப் பார்த்தே அளக்க வேண்டும்: முதலாவதில் 15 மில்லி, இரண்டாவதில் 5 மில்லி. ஸ்டீராய்டு அடுத்த சுற்றைத் தடுக்காது. சிலருக்கு இடைவெளி குறைந்து, மூன்று வாரத்திலேயே காய்ச்சல் திரும்பும்.

டான்சிலை எடுத்தால் பெரும்பாலானோருக்குச் சுற்றே நின்றுவிடும். ஆனால் மயக்கமருந்து உண்டு. ஐந்து முதல் பத்து நாளுக்குள் ரத்தம் கசியலாம்; அதனால் அந்த நாட்களில் மலையேறாமல் கோவையிலேயே தங்குவது நல்லது.

பல குழந்தைகளுக்கு வளர வளரத் தானே விட்டுப்போகும் நோய் இது. ஸ்டீராய்டு கேட்கிறது, இடைவெளியும் சுருங்கவில்லை என்றால் அறுவைக்கு அவசரமில்லை.