ஹைப்போவா ஹைப்பரா: பீரியட்ஸ்ல எது என்ன பண்ணும்?

தைராய்டுன்னு சொன்ன உடனே "ஓ, அப்போ பீரியட்ஸ் ஒழுங்கா வராதே"ன்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிடறாங்க. ஆனா சுரப்பு கம்மியா இருக்கற ஹைப்போவும் ஜாஸ்தியா இருக்கற ஹைப்பரும் பண்ற வேலை ஒண்ணு கிடையாது. பொதுவா பார்த்தா ஹைப்போல ப்ளீடிங் ஜாஸ்தியாகும், நாள் நீளும். ஹைப்பர்ல ப்ளீடிங் குறையும், சில மாசம் வராமலே போகும். இதை அப்படியே சட்டமா எடுத்துக்காதீங்க. 1999ல கிரீஸ்ல ஹைப்போ இருந்த 171 பெண்களைப் பார்த்தப்போ கிட்டத்தட்ட 23 சதவீதம் பேருக்குத்தான் பீரியட்ஸ் மாறியிருந்தது, மிச்சம் பேருக்கு நார்மலாத்தான் வந்துட்டிருந்தது. அதனால ஒழுங்கா வருதேன்னு தைராய்டு இல்லைன்னும் சொல்ல முடியாது, வரலைன்னா தைராய்டுதான்னும் சொல்ல முடியாது.

முதல்ல ஹைப்போ. இதுல ரெண்டு விஷயம் ஒண்ணா சேர்ந்து படுத்தும். ஒண்ணு, கருமுட்டை வெளிய வராம போறது. தைராய்டு ஹார்மோன் குறைஞ்சா மூளை அதைத் தூண்டற சிக்னலை ஏத்தி விடும், அந்த சிக்னலே பால் சுரக்க வைக்கற புரோலாக்டின் ஹார்மோனையும் ஏத்தும், புரோலாக்டின் ஏறினா கருமுட்டைக்கான சிக்னல் அடங்கிடும். முட்டை வரலைன்னா கர்ப்பப்பை உள்சுவரை அடக்கி வெக்கற புரோஜெஸ்டிரான் ஹார்மோன் வராது, உள்சுவர் அதை வளர்க்கற ஈஸ்ட்ரோஜனை மட்டும் நம்பி வளர்ந்துட்டே போகும், ஒருநாள் தாங்காம உடைஞ்சு கொட்டும். அதான் நாப்பது அம்பது நாள் வராம இருந்துட்டு திடீர்னு கட்டி கட்டியா போறது. ரெண்டாவதை நிறைய பேர் சொல்றதே இல்ல, ரத்தம் உறையறதுக்கு வேண்டிய சில புரோட்டீன்களும் ஹைப்போ முத்தினா குறையும். உள்சுவர் தடிமனா இருக்கு, வர்ற ரத்தமும் சீக்கிரம் நிக்காது, அப்புறம் ப்ளீடிங் ஜாஸ்தியாகாம என்ன ஆகும்?

அதே ஹைப்போ சிலருக்கு பீரியட்ஸை மொத்தமா நிறுத்தியும் விடும், குழந்தை பெறாதவங்களுக்குக் கூட மார்புல பால் மாதிரி கசியும். இது புரோலாக்டின் ரொம்ப ஏறினதோட அடையாளம். இதை பிசிஓஎஸ்னு நினைச்சு அந்த ட்ரீட்மென்ட்லயே ஓடிட்டிருக்கறவங்க உண்டு, தைராய்டைத் தூண்டற ஹார்மோனான டிஎஸ்ஹெச், சுரப்பு குறைஞ்சா ஏறும், அதுக்கு ஒரு டெஸ்ட் பண்ணியிருந்தா ஆரம்பத்துலயே தெரிஞ்சிருக்கும்.

ஹைப்பர் கதையே வேற. இங்க நிறைய பேருக்கு கருமுட்டை வந்துட்டேதான் இருக்கும், சைக்கிளும் ஓரளவு தேதி மாறாது, அளவுதான் குறையும். அஞ்சு நாள் வந்தது ரெண்டு நாள்ல முடியும், பேட் அரைவாசி கூட நனையாது. கல்லீரல் ஈஸ்ட்ரோஜனைப் பிடிச்சு வெச்சுக்கற ஒரு புரோட்டீனை அதிகமா தயாரிக்கறதால ரத்தத்துல ஹார்மோன் நிறைய இருந்தாலும் வேலைக்கு வர்றது மாறிடும், எடையும் வேற மளமளன்னு இறங்கும். கடுமையாச்சுன்னா சைக்கிள் தள்ளிப் போகும், அப்புறம் நிக்கும்.

என்னைக் கேட்டா, ரெண்டுல ஏமாத்தறது ஹைப்பர்தான். ஹைப்போல மணிக்கு ஒரு பேட் மாத்தறவங்க தானா டாக்டர்கிட்ட போயிடுவாங்க. பீரியட்ஸ் லேசா வந்தா யாரு போவாங்க, அப்பாடான்னு சந்தோஷப்படறதுதான் வழக்கம், கூடவே எடையும் குறைஞ்சா இன்னும் சந்தோஷம். சும்மா உக்காந்திருக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்குதா, கை நீட்டினா விரல் நடுங்குதா, மத்தவங்க நார்மலா இருக்கற ரூம்ல உங்களுக்கு மட்டும் வேர்க்குதான்னு பாருங்க. இதோட பீரியட்ஸும் லேசாச்சுன்னா டெஸ்ட் எடுத்துடணும்.

ஹைப்போ பக்கம் ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம், ஏன்னா சிக்கல் எங்க வருதுன்னு அதுல நல்லாத் தெரியும். 34 வயசு பெண், ஒன்பது நாள் ப்ளீடிங், முதல் மூணு நாள் ராத்திரி எந்திரிச்சு பேட் மாத்த வேண்டியிருக்கு, படியேறினா மூச்சு வாங்குது. டெஸ்ட்ல டிஎஸ்ஹெச் 40 (நார்மல் சுமாரா 0.4ல இருந்து 4), ஹீமோகுளோபின் 9, இரும்புச் சத்து சேமிப்பைக் காட்டற ஃபெரிட்டின் 6, இது ரெண்டுமே கம்மி. தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினும் இரும்பு மாத்திரையும் கொடுக்கறாங்க. அவங்க மறக்காம இருக்கணும்னு ரெண்டையும் காலைல ஒண்ணா போட்டுக்கறாங்க. எட்டு வாரம் கழிச்சு பார்த்தா டிஎஸ்ஹெச் 22லயே நிக்குது, ப்ளீடிங்கும் குறையல, டோஸ் பத்தலைன்னு ஏத்தலாமான்னு யோசனை வருது. பிரச்சனை டோஸ்ல இல்ல. இரும்பு குடல்லயே தைராய்டு மாத்திரையைப் பிடிச்சுக்கும், உள்ள போக விடாது, கால்சியமும் அப்படித்தான். ரெண்டுக்கும் நடுவுல 4 மணி நேரம் விடணும். காலைல வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை, அரை மணியில இருந்து ஒரு மணி கழிச்சு சாப்பாடு, இரும்பு மாத்திரை மதியம் இல்ல ராத்திரி. இதை மட்டும் மாத்தினதும் அடுத்த டெஸ்ட்ல டிஎஸ்ஹெச் 5க்கு வந்துடுது, ப்ளீடிங் ஆறு நாளா குறையுது.

ரத்தம் போகப் போக இரும்பு குறையுது, இரும்பு குறைஞ்சா தைராய்டு ஹார்மோன் தயாராகறதும் பாதிக்கும், ஏன்னா அதைத் தயாரிக்கற என்சைமுக்கே இரும்பு வேணும். அதனால ஹைப்போல ப்ளீடிங் ஜாஸ்தின்னா ஃபெரிட்டினையும் சேர்த்துப் பாருங்கன்னு கேளுங்க, ஹீமோகுளோபின் மட்டும் பத்தாது. டிஎஸ்ஹெச் நார்மலாகி ரெண்டு மூணு சைக்கிள் போயும் ப்ளீடிங் அடங்கலைன்னா தைராய்டு மேல பழி போட்டுட்டு உக்காராதீங்க, ஃபைப்ராய்டு, பாலிப் மாதிரி கர்ப்பப்பையில வேற ஏதாச்சும் கட்டி இருக்கான்னு ஸ்கேன் பார்க்கணும். தொடர்ந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல மணிக்கு ஒரு பேட் நனையுது, தலை சுத்துதுன்னா டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம அன்னிக்கே போயிடுங்க.

ஹைப்பர்ல பீரியட்ஸ் தள்ளிப் போனா முதல்ல எடுக்க வேண்டியது பிரெக்னன்சி டெஸ்ட். லேசா வர்றதாலயே தள்ளிப் போனது கண்ணுல படாம போயிடும், ஆனா கருமுட்டை வந்துட்டுதானே இருக்கு. ஹைப்பருக்குக் கொடுக்கற கார்பிமசோல் மாத்திரை முதல் சில மாசத்துல கருவைப் பாதிக்கலாம், அதனால கர்ப்பம்னு தெரிஞ்ச அன்னிக்கே டாக்டருக்குச் சொல்லணும், தானா மாத்திரையை நிறுத்தக் கூடாது. இன்னொண்ணு, முடிக்கும் நகத்துக்கும் எடுக்கற பயோட்டின் மாத்திரை சில லேப் டெஸ்ட்டைக் குழப்பி இல்லாத ஹைப்பரை இருக்கற மாதிரி காட்டிடும், ரத்தம் கொடுக்கறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி நிறுத்தணும், டோஸ் பெருசுன்னா இன்னும் முன்னாடியே.

ஹைப்போக்காரங்களும் ஹைப்பர் பக்கம் போக வாய்ப்பு இருக்கு, லெவோதைராக்சின் டோஸ் கூடிப் போனா அதேதான் நடக்கும். மாத்திரை ஆரம்பிச்சு ப்ளீடிங் மெல்ல நார்மலாகி, அதுக்கும் கீழ லேசா போய், கூடவே படபடப்பும் தூக்கமின்மையும் வந்தா "மாத்திரை நல்லா வேலை செய்யுது"ன்னு விட்டுடாதீங்க, டாக்டர் கடைசியா டோஸ் மாத்தின பிறகு 6ல இருந்து 8 வாரம் ஆனதும் டிஎஸ்ஹெச் எடுத்துப் பாருங்க. அதுக்கு முன்னாடி எடுத்தா நம்பர் இன்னும் நகர்ந்துட்டேதான் இருக்கும்.