பதினான்கே நாளில் செத்துப்போன மெனு

மூன்று வருஷம் கழித்து ஊருக்குப் போனேன். விமானம், சுங்கம், டாக்ஸி எல்லாம் ஒழுங்காகவே நடந்தது, அதனால் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வந்தது அண்ணாச்சி டீக்கடையில் மேஜை மேல் ஒட்டியிருந்த ஒரு கறுப்பு வெள்ளைச் சதுரத்தைப் பற்றி.

அந்தக் கடையில் முன்பு சுவரில் ஒரு கரும்பலகை இருக்கும். விலை ஏறினால் அண்ணாச்சி பெருவிரலால் பழைய எண்ணை அழித்துவிட்டு சாக்கட்டியால் புதிதை எழுதுவார். இந்த முறை பலகையைக் காணோம். ஒவ்வொரு மேஜையிலும் லேமினேட் செய்த கியூஆர் கோடு, நடுவில் டீ கிளாஸ் படம் வேறு. எனக்கு உள்ளூரப் பெருமை. டொராண்டோவில் நான் போகும் காபிக்கடையில் இதே சதுரத்தை ஸ்கேன் செய்துதான் ஆர்டர் கொடுப்போம். ஊர் எங்கேயோ போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே போனை நீட்டினேன்.

திறந்தது மெனு இல்லை. கோடு தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது, உரிமையாளர் சந்தா கட்டினால் மீண்டும் இயங்கும் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம். உரிமையாளர் எனக்கு எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

“அது ரெண்டு வாரமா வேலை செய்யல தம்பி. என்ன வேணும்னு வாயால கேளுங்க.”

கோடை உருவாக்கியது அவருடைய மகள், பதினொன்றாம் வகுப்பு. ‘இலவசம்’ என்று போட்டிருந்த ஒரு இணையதளத்தில் செய்திருக்கிறாள். பிரிண்ட், லேமினேஷன் எல்லாம் சேர்த்து எட்டு மேஜைக்குச் செலவு செய்தாயிற்று. பதினான்கு நாள் சோதனைக்காலம் முடிந்ததும் எட்டும் ஒரே ராத்திரியில் செத்துவிட்டன. அவள் அழுதிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வெளிநாட்டில் இதைவிடப் பெரிய தொகையைச் சந்தா என்று தெரியாமலே கட்டிக்கொண்டிருப்பவன் நான், ஆனால் டீக்கடைக்காரரிடம் இப்படிச் செய்வது வேறு கணக்கு.

விடுமுறையில் இரண்டு நாள் இதற்கே போனது. மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

முதலில் அந்தப் பெண்ணுக்கு ஒன்றைக் காட்டினேன். கியூஆர் கோடு காலாவதி ஆகவே ஆகாது. அது கட்டங்களால் எழுதிய ஒரு வரி எழுத்து, அவ்வளவுதான். போன் கேமராவைக் காட்டியதும், தொடுவதற்கு முன்பே, திரையில் ஒரு முகவரி தெரியும் இல்லையா, அதைப் படிக்கச் சொன்னேன். அதில் கடையின் பெயரே இல்லை. அந்த இணையதளத்தின் பெயரும் பின்னால் ஏழெட்டு எழுத்தும் மட்டும். வாடிக்கையாளர் முதலில் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போகிறார், அங்கிருந்து அவர்கள் மெனுவுக்கு அனுப்பிவைக்கிறார்கள். இதை ‘டைனமிக்’ கோடு என்று விற்கிறார்கள். அச்சடித்த கோடை மாற்றாமல் மெனுவை மாற்றலாம் என்பது உண்மை. ஆனால் கதவின் சாவி அவர்களிடம். சாவியை அவர்கள் பையில் போட்டதும் மேஜையில் இருப்பது வெறும் ஸ்டிக்கர்.

அண்ணாச்சி நியாயமாக ஒன்று கேட்டார். “அந்தக் கட்டத்துக்குள்ளயே வெலையை எழுதிட்டா என்ன? இன்டர்நெட்டே வேண்டாமே?”

எழுதலாம். ஆனால் அச்சானதும் விலையும் கல்லில் வெட்டியதுபோல ஆகிவிடும், டீ ஒரு ரூபாய் ஏறினால் எட்டும் மறுபடி பிரிண்ட். இன்னொரு சங்கடம், தமிழ் இடம் அதிகம் பிடிக்கும். ‘டீ’ என்ற ஒரு எழுத்துக்குள் ‘ட’வும் அதன் குறியும் தனித்தனியாகச் சேமிக்கப்படும், ஒவ்வொன்றும் மூன்று பைட். ஒரே எழுத்துக்கு ஆறு பைட். இருபது பண்டத்தின் பெயரையும் விலையையும் திணித்தால், பக்கத்துக்குத் தொண்ணூறுக்கு மேல் கட்டம் கொண்ட, எறும்பு மொய்த்த மாதிரி ஒரு சதுரம் வரும். டீ ஆவி படிந்த மேஜையில் பழைய போன் அதைப் படிக்காது.

ஆக, கோடுக்குள் ஒரு முகவரி மட்டும் இருக்க வேண்டும், அந்த முகவரி கடையினுடையதாக இருக்க வேண்டும், விலையை அண்ணாச்சியே போனிலிருந்து மாற்ற வேண்டும். இந்த மூன்றும்தான் வேலை.

விலைப்பட்டியலை கூகுள் ஷீட்டில் போட்டோம். ஒரு பத்தியில் பெயர், அடுத்ததில் விலை, வேறு எதுவும் இல்லை. கணினியில் திறந்து File, Share, Publish to web என்று போனால் அந்தத் தாளுக்கு யாரும் பார்க்கக்கூடிய ஒரு இணையப் பக்கம் கிடைக்கும். பார்க்க மட்டும்தான், திருத்த முடியாது. வழக்கமான ‘ஷேர்’ பொத்தானில் எடிட் அனுமதியோடு லிங்க் கொடுத்துவிட்டால், டீ குடிக்க வந்த கல்லூரிப் பையன்கள் விலையை அவர்களே குறைத்துக்கொள்வார்கள். எடிட் அனுமதி அண்ணாச்சிக்கும் மகளுக்கும் மட்டும்.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். அந்தப் பக்கத்தின் முகவரியை அப்படியே கோடாக்கி, என் போனில் ஸ்கேன் செய்து, ஆகா என்று அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவருடைய போன் முழித்தது. அந்த முகவரி நூற்று முப்பது எழுத்துக்கு மேல். அதற்குக் கோடு 49-க்கு 49 கட்டம். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை விட்டாக வேண்டும், ஆக 57 கட்டம். ஐந்து சென்டிமீட்டர் ஸ்டிக்கரில் ஒரு கட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. என் போனுக்கு அது போதும். கீறல் விழுந்த கேமராவுக்குப் போதாது. ஊரில் எல்லோர் போனும் என் போன் மாதிரி என்று நினைத்ததுதான் தவறு, வெளியூரில் இருந்து வந்தவனுக்கு வரும் வியாதி.

அதனால் நடுவில் நாங்களே ஒரு வாசல் வைத்தோம். இணையப் பக்கத்தை இலவசமாக வைத்துக்கொள்ள இடம் தரும் கிட்ஹப் தளத்தில் கடை பெயரில் ஒரு கணக்கு. கடையின் மின்னஞ்சலில், என்னுடையதில் இல்லை. நான் விமானம் ஏறியதும் கடவுச்சொல் என்னோடு போய்விட்டால், அந்த இணையதளத்துக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? கணக்கின் பெயரோடு `.github.io` சேர்த்து ஒரு ரெப்போ, அதாவது கோப்புகள் வைக்கும் பெட்டி, திறந்தால் அதுவே இலவச முகவரி ஆகிவிடும். அதில் `index.html` என்ற ஒரே கோப்பு, அதற்குள் ஒரே வரி:

```html
<meta http-equiv="refresh" content="0; url=ஷீட்டின்-முகவரி">
```

யார் வந்தாலும் உடனே ஷீட்டுக்கு அனுப்பும். அந்தப் பெரிய இணையதளம் காசு கேட்டுச் செய்த வேலை மொத்தமும் இந்த ஒரு வரிதான். நாளைக்கு ஷீட் வேண்டாம், வேறு பக்கம் வேண்டும் என்றால் இந்த வரியை மட்டும் மாற்றினால் போதும், மேஜையைத் தொட வேண்டாம்.

முகவரி `https://` உட்பட 26 எழுத்துக்குள் அடங்கியது. கோடு 25-க்கு 25 கட்டமாகச் சுருங்கிவிட்டது. அதே ஐந்து சென்டிமீட்டரில் ஒரு கட்டம் ஒன்றரை மில்லிமீட்டர். அண்ணாச்சி போன் கையை நீட்டிய மாத்திரத்தில் படித்தது. கோடு உருவாக்க எந்த இணையதளத்துக்கும் போகவில்லை, என் மடிக்கணினியிலேயே qrencode என்ற நிரலுக்கு ஒரு கட்டளை:

```
qrencode -l M -m 4 -s 20 -o menu.png 'https://கடைபெயர்.github.io'
```

கடை பெயரை அங்கே ஆங்கில எழுத்தில் போட வேண்டும். `M` என்பது சதுரத்தில் சுமார் 15 சதவீதம் அழிந்தாலும் படிக்கும் என்ற அளவு, `4` அந்த வெள்ளை ஓரம். நடுவில் டீ கிளாஸ் படம் வேண்டும் என்று மகள் கெஞ்சினாள். படம் மறைக்கும் இடமும் சேதக் கணக்கில்தான் சேரும், அப்புறம் டீக்கறைக்கு இடம் இருக்காது என்றேன். படத்தைக் கோடுக்கு மேலே வெள்ளைத் தாளில் போட்டுக்கொண்டோம். லேமினேஷன் பளபளப்பு இல்லாததாக மாற்றினோம், குழல்விளக்கு நேர் மேலே தொங்குகிறது.

ஒட்டிய அன்று மாலை புதுத் தலைவலி. ஒரு பெரியவர் ஸ்கேன் செய்துவிட்டு “பணம் போகல” என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். பக்கத்திலேயே பணம் கட்டும் கோடு இருக்கிறது, ஊரில் கியூஆர் என்றாலே எல்லோர் கையும் பணம் அனுப்பும் ஆப்புக்குத்தான் போகிறது. அந்தக் கோடுக்குள் இருப்பது `upi://pay` என்று தொடங்கும், நம்முடையது `https`. பணம் அனுப்பும் ஆப்புக்கு அது செல்லாத கோடு. டொராண்டோவில் கடைக்காரருக்கு யாரும் கியூஆரில் பணம் கட்டிப் பார்த்ததில்லை, எனக்கு இது தோன்றவே இல்லை. பணக் கோடைக் கல்லாவுக்கு நகர்த்தி, மேஜைக் கோடின் கீழே ‘மெனு மட்டும், கேமராவில் காட்டவும்’ என்று பெரிய எழுத்தில் போட்டதும் தொல்லை பாதி குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

கிளம்புவதற்கு முந்தின நாள் பால் விலை ஏறியது. அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்து ஷீட்டைத் திறந்து பன்னிரண்டை அழித்துப் பதினைந்து போட்டார். உடனே ஸ்கேன் செய்தால் பன்னிரண்டுதான். அவர் முகம் விழுந்தது. வெளியிட்ட பக்கம் புதுப்பிக்கச் சில நிமிடம் ஆகும் என்று சொல்லி இன்னொரு டீ வாங்கினேன். டீ முடிவதற்குள் பதினைந்து வந்துவிட்டது. நடுவில் பழைய விலையைப் பார்த்த இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். அன்றிலிருந்து கடை மூடிய பிறகுதான் விலை மாற்றுவது என்று வைத்துக்கொண்டார்.

டொராண்டோ வந்து இரண்டு வாரம். தினமும் காலையில் அந்த முகவரியைத் திறந்து பார்க்கிறேன், ஏன் என்று கேட்காதீர்கள். முந்தாநாள் வடைக்கு நேரே விலை இல்லை, ‘முடிஞ்சிருச்சு’ என்று இருந்தது. நாங்கள் சொல்லித்தராதது, அவரே கண்டுபிடித்திருக்கிறார். மறுநாளும் ‘முடிஞ்சிருச்சு’. அதற்கு மறுநாளும். பொறுக்காமல் போன் போட்டேன்.

“வடை இருக்கு தம்பி, சூடா இருக்கு. அதை மாத்த மறந்துட்டேன். வர்றவங்க எல்லாம் என்னைத்தான் கேக்குறாங்க, அதைப் பாக்கறது நீங்க ஒருத்தர்தான்.”