தடைபட்ட லிஃப்டை எது நிறுத்தும்: ஃபியூஸா, பாலிஃபியூஸா, மின்னோட்ட அளவியா?

மோட்டாரால் திருகுத்தண்டை நீட்டிச் சுருக்கி, டிவியை அலமாரிக்குள் இறக்கி ஏற்றும் 12 வோல்ட் லீனியர் ஆக்சுவேட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுமையின்றி ஓடும்போது 1 ஆம்பியர், 25 கிலோ டிவியைத் தூக்கும்போது 3 ஆம்பியர் இழுக்கிறது. மோட்டார் சுருளின் மின்தடை 1 ஓம். வழியில் ஏதேனும் தடுத்து மோட்டார் நின்றுவிட்டால், சுழற்சியால் உண்டாகும் எதிர் மின்னழுத்தம் மறைந்து மின்னோட்டம் 12 ஆம்பியரை எட்டும். 144 வாட்டும் சுருளில் வெப்பமாகும்.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மோட்டார் நின்ற நிலையிலிருந்துதான் தொடங்குகிறது. எனவே அந்த 12 ஆம்பியர் கணநேரம் எப்போதும் வரும். அதைத் தாங்க மெதுவாக உருகும் 5 ஆம்பியர் ஃபியூஸைப் போடுகிறோம். அது உண்மையான தடையிலும் மெதுவாகவே உருகும். 6 ஆம்பியர் மட்டும் ஓடினால் நிமிடக்கணக்கில் சும்மா இருக்கும். ஒயர் தீப்பிடிக்காமல் காக்க அது போதும், விரலைக் காக்காது.

பாலிஃபியூஸ் சூடேறினால் மின்னோட்டத்தைத் தடுத்து, ஆறியதும் தானே மீளும் என்பதே அதன் கவர்ச்சி. ஆனால் 4 ஆம்பியர் தாங்கும் வகை துண்டிக்கத் தொடங்குவது பெரும்பாலும் 8 ஆம்பியர் அளவில்தான், அதுவும் சற்று நேரம் சூடேறிய பிறகு. அறை சூடானால் அந்த வரம்பு இன்னும் இறங்கும். மோட்டாருக்கான காவலாக மட்டும் இதை ஏற்கலாம்.

டிவிக்கு என் தேர்வு மின்னோட்டத்தை அளந்து துண்டிக்கும் சுற்றுதான். மோட்டாரோடு தொடராக இணைத்த 0.05 ஓம் மின்தடையில் 3 ஆம்பியர் ஓடினால் 0.15 வோல்ட் கிடைக்கும்; மின்னோட்டத்தை அதிலிருந்து அறியலாம். மைக்ரோகன்ட்ரோலர் முதல் 300 மில்லிவிநாடிகளைப் பொருட்படுத்தாமல் விட்டு, அதன்பின் 4.5 ஆம்பியரைத் தாண்டினால் நிறுத்திச் சற்றுப் பின்னோக்கி ஓட்ட வேண்டும். சுமையின்றி ஓடும் 1 ஆம்பியரைக் கழித்தால், இங்கே 25 கிலோவுக்கு 2 ஆம்பியர் செலவாகிறது. ஆகவே கூடுதலாக விட்ட 1.5 ஆம்பியர் ஏறத்தாழ 19 கிலோ அழுத்தத்துக்குச் சமம். வரம்பை இன்னும் இறக்கலாம், ஆனால் குளிரில் கிரீஸ் இறுகும் நாட்களில் காரணமின்றி நிற்கும். ஆக்சுவேட்டரின் உள்ளிருக்கும் லிமிட் சுவிட்ச் இதற்கு மாற்றல்ல. அது தண்டின் இரு முனைகளை மட்டுமே அறியும்.

இதேபோல் ஆக்சுவேட்டரால் ஏற்றி இறக்கும் கட்டிலுக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. கட்டில் இறங்கும்போது அடியில் ஒருவர் சிக்கினால், எடை திருகுத்தண்டிலிருந்து அவர் மேல் மாறுகிறது. அப்போது மோட்டார் மின்னோட்டம் உயர்வதில்லை, சுமையற்ற அளவை நோக்கியே நகரும். முழு எடையும் அவர் மேல் அமர்ந்து, தண்டு கட்டிலைக் கீழே இழுக்கத் தொடங்கிய பின்னரே அது ஏறும். எந்த ஆம்பியர் வரம்பும் இதை உரிய நேரத்தில் பிடிக்காது. கட்டிலின் அடி விளிம்பில் அழுத்தம் உணரும் பட்டையும், விரலை எடுத்ததும் நிற்கும் பொத்தானும் கட்டாயம். இரண்டு ஆக்சுவேட்டர்கள் இருந்தால் ஒவ்வொன்றின் மின்னோட்டத்தையும் தனித்தனியே அளந்து, ஒன்று நின்றதும் மற்றதையும் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கட்டில் சாய்ந்து சட்டகம் முறுகும்.