டாஷ்போர்டில் எங்கேஜ்மென்ட் ரேட்: மூன்று வருடம் பயன்படுத்திய பிறகு

சில நிறுவனங்களின் சமூக ஊடகக் கணக்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மாத அறிக்கையைக் கையால் தயாரிப்பதை விட்டுவிட்டுத் தானியங்கி டாஷ்போர்டுக்கு மாறி மூன்று வருடங்கள் ஆகின்றன. கருவியின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் சிக்கல் ஒரு கருவிக்கு மட்டும் உரியதல்ல. தினசரித் தரவை இழுத்துக் கூட்டிக் காட்டும் எந்த டாஷ்போர்டிலும் இது வரும்.

முதல் ஒன்றரை வருடம் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. வரைபடம் அழகாக இருந்தது, எண்கள் தாமாகவே புதுப்பித்துக்கொண்டன. ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, "நம்ம ஆப்ல போன வார ரீச் ஒன்பதாயிரம்னு இருக்கு. உங்க ரிப்போர்ட்ல இருபத்தோராயிரம்னு போட்டிருக்கீங்க. எது சரி?" என்று கேட்டார். நேர மண்டல வித்தியாசமாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நேர மண்டலம் மாறினால் எண் கொஞ்சம் நகரும், இரண்டு மடங்குக்கு மேல் போகாது. அன்று மாலை ஏழு நாள் தரவையும் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

இம்ப்ரெஷன் என்பது பதிவு எத்தனை முறை திரையில் தோன்றியது என்ற கணக்கு. ரீச் என்பது எத்தனை கணக்குகள் அதைப் பார்த்தன என்பது. ஒரே ஆள் நான்கு முறை பார்த்தால் இம்ப்ரெஷன் நான்கு, ரீச் ஒன்று. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இதிலிருந்து வரும் ஒரு விளைவை நானே யோசிக்காமல் விட்டிருந்தேன்: இம்ப்ரெஷனைக் கூட்டலாம், ரீச்சைக் கூட்டக் கூடாது. திங்கட்கிழமை பார்த்தவரே செவ்வாயும் புதனும் பார்த்திருப்பார். மூன்று நாள் ரீச்சையும் கூட்டினால் அந்த ஒருவர் மூன்று பேராகிவிடுவார்.

அந்த வாரக் கணக்கை, பின்தொடர வசதியாக முழு எண்களாக்கித் தருகிறேன். திங்கள் முதல் ஞாயிறு வரை தினசரி ரீச் 2,800, 3,100, 2,600, 3,400, 2,900, 3,000, 3,200. கூட்டினால் 21,000. டாஷ்போர்டு காட்டியது இதைத்தான். ஆனால் அந்த ஏழு நாளில் வந்து போன தனித்தனிக் கணக்குகள் 9,000 மட்டுமே. அதே வாரத்தில் இம்ப்ரெஷன் 31,500. லைக், கமென்ட், ஷேர், சேவ் எல்லாம் சேர்த்து எங்கேஜ்மென்ட் 1,260.

இப்போது ரேட்டைப் போட்டுப் பாருங்கள். இம்ப்ரெஷனால் வகுத்தால் 4 சதவீதம். உண்மையான வார ரீச்சால் வகுத்தால் 14 சதவீதம். நான் ஒன்றரை வருடமாக அனுப்பிக்கொண்டிருந்தது 1,260-ஐ 21,000-ஆல் வகுத்து வந்த 6 சதவீதம். முதல் இரண்டுக்கும் பொருள் உண்டு. ஒன்று, நூறு முறை கண்ணில் பட்டதற்கு எத்தனை வினை நடந்தது என்று சொல்கிறது. மற்றது, பார்த்த நூறு கணக்குகளுக்கு வாரம் முழுவதும் எத்தனை வினை கிடைத்தது என்று சொல்கிறது. என்னுடைய 6 சதவீதத்தில் வகுக்கும் எண் ஆட்களின் எண்ணிக்கையும் இல்லை, பார்வைகளின் எண்ணிக்கையும் இல்லை. அதற்கு மேலே "ரீச் அடிப்படையில்" என்று தலைப்பு வேறு போட்டிருந்தேன். பிழை என்னுடையது: எண் வடிவில் வரும் எந்தப் புலத்தையும் கருவி கேட்காமலே கூட்டும், அந்த இயல்பு அமைப்பை நான் மாற்றாமல் விட்டிருந்தேன்.

இது ஏன் இத்தனை நாள் கண்ணில் படவில்லை என்பதைத்தான் அதிகம் யோசித்தேன். காரணம், அந்தத் தவறான ரேட் நிலையாக இருந்தது. ஒரு நாளுக்கு 6 சதவீதம், வாரத்துக்கு 6, மாதத்துக்கும் ஏறத்தாழ 6. சீராக இருக்கும் எண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை. சரியான ரீச்சை வைத்துக் கணக்கிட்டால் அப்படி இருக்காது. அதே கணக்கை நான்கு வாரத்துக்கு நீட்டினால் எங்கேஜ்மென்ட் 5,040 ஆகிறது. ஆனால் தனிக் கணக்குகள் 36,000 ஆவதில்லை, 15,000-த்தோடு நின்றுவிடுகின்றன. வந்தவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். ரேட் 33.6 சதவீதம்! நாட்கள் கூடக் கூட மேலே உள்ள எண் வளர்ந்துகொண்டே போகும், கீழே உள்ள எண் தேங்கிவிடும்.

அதனால் ஒரு கால அளவின் ரீச்சை வைத்துப் போடும் ரேட்டை, அதே நீளமுள்ள இன்னொரு காலத்தோடு மட்டுமே ஒப்பிடலாம். ஏழு நாளை ஏழு நாளோடு, இருபத்தெட்டை இருபத்தெட்டோடு. முப்பத்தொரு நாள் மாதத்தையும் இருபத்தெட்டு நாள் மாதத்தையும் ஒப்பிட்டு "முன்னேற்றம்" என்று எழுதுவதுகூட இந்தக் கணக்கில் கொஞ்சம் தவறுதான்.

உங்கள் டாஷ்போர்டில் ரீச் கூட்டப்படுகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. இம்ப்ரெஷனை ரீச்சால் வகுத்து ஒரு கட்டத்தில் போடுங்கள். சராசரியாக ஒருவர் எத்தனை முறை பார்த்தார் என்ற எண் அது. தேதியை ஒரு நாள், ஏழு நாள், இருபத்தெட்டு நாள் என்று மாற்றிப் பாருங்கள். என் பழைய டாஷ்போர்டில் மூன்றிலும் 1.5 அருகிலேயே நின்றது. சரியான தரவில் வாரத்துக்கு 3.5, நான்கு வாரத்துக்கு 8.4 வந்தது. நாட்கள் கூடியும் இந்த எண் அசையாமல் நின்றால் உள்ளே கூட்டல் நடக்கிறது என்று பொருள்.

சரிசெய்ய எனக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. கூட்டலை எடுத்துவிட்டுச் சராசரி போட்டால் போதும் என்றுதான் முதலில் முயன்றேன். அது தினசரி ரீச்சின் சராசரியைத் தரும், அதாவது 3,000. வார ரீச் ஆகாது. தினசரி எண்களை வைத்துக்கொண்டு எந்தச் சூத்திரம் போட்டாலும் 9,000 கிடைக்காது. யார் திரும்ப வந்தவர் என்ற தகவல் அந்த வரிசைகளில் இல்லவே இல்லை. தளத்திடமே காலவாரியான எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். இன்ஸ்டாகிராமின் தரவு இணைப்பில் `reach` அளவீட்டை `day`, `week`, `days_28` என்று வெவ்வேறு காலங்களுக்குக் கேட்கலாம். நான் `week`, `days_28` இரண்டையும் தனித் தாளில் சேமிக்கிறேன். இதில் ஒரு கவனம் வேண்டும்: `days_28` என்பது நகரும் சாளரம். ஒவ்வொரு தேதிக்கு எதிரே இருப்பதும் அதற்கு முந்தைய இருபத்தெட்டு நாளின் ரீச். அந்த வரிசைகளைக் கூட்டினால் பழைய தவறு இன்னும் பெரிதாகத் திரும்பிவரும். கால முடிவுத் தேதியின் எண்ணை மட்டும் எடுக்க வேண்டும்.

ரீச் சரியான பிறகும் இன்னொரு ஓட்டை இருந்தது. பதிவுவாரியான பட்டியலின் அடியில் "சராசரி எங்கேஜ்மென்ட் ரேட்" என்று ஒரு வரி. மூன்று பதிவுகளை எடுத்துக்கொள்வோம். 200 பேரைச் சென்றடைந்த பதிவுக்கு 40 வினைகள், 20 சதவீதம். 4,000 பேருக்கு 120, அது 3 சதவீதம். 8,000 பேருக்கு 200, அது 2.5 சதவீதம். சராசரி 8.5 என்று டாஷ்போர்டு சொன்னது. 200 பேர் பார்த்த ஒரு பதிவு மொத்த மாதத்தையும் தூக்கி நிறுத்திவிட்டது. எல்லா வினைகளையும் கூட்டி, எல்லாப் பதிவுகளின் ரீச்சையும் கூட்டி வகுத்தால் 360-க்கு 12,200, அதாவது 2.95 சதவீதம்.

ரீச்சைக் கூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு இங்கே கூட்டுகிறேனே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கே 12,200 என்பதை நான் ஆட்கள் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பதிவின் ரேட்டுக்கும் அதன் ரீச்சுக்கு ஏற்ற எடை கொடுக்கும் வேலைக்கு மட்டும் அது பயன்படுகிறது. அந்த எண்ணை ரீச் என்று தனிக் கட்டத்தில் போட்டால்தான் பிழை. என் டாஷ்போர்டில் முன்பு முதல் வரி இருந்தது, இப்போது இரண்டாவது வரி இருக்கிறது:

```
AVG(Engagement / Reach)
SUM(Engagement) / SUM(Reach)
```

இதை எழுதி முடித்து நிம்மதியாக இருந்த நேரத்தில்தான் 2025-ல் இன்ஸ்டாகிராம் தன் தரவு இணைப்பில் புதிய பதிவுகளுக்கு `impressions` அளவீட்டை நிறுத்தி, `views` பக்கம் நகர்ந்தது. என் தாளில் பழைய பதிவுகளுக்கு இம்ப்ரெஷன் இருந்தது, புதியவற்றுக்கு அந்தக் கட்டம் காலி. எங்கேஜ்மென்ட் மட்டும் எல்லாவற்றுக்கும் வந்துகொண்டிருந்தது. மேலே எல்லாப் பதிவுகளும், கீழே பாதிப் பதிவுகள். ரேட் மடமடவென்று ஏறியது, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. அதன் பிறகு சூத்திரத்தை இப்படி மாற்றினேன்:

```
SUM(CASE WHEN Impressions > 0 THEN Engagement ELSE 0 END)
/ SUM(Impressions)
```

காலிக் கட்டம் உள்ள பதிவின் வினைகளும் கணக்கிலிருந்து விலகிவிடும். `views` எண்ணைப் பழைய இம்ப்ரெஷன் வரிசையில் ஒட்டவில்லை. இரண்டும் ஒரே அளவீடு அல்ல. வரைபடத்தில் அந்த மாதத்தில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அதற்கு அந்தப் பக்கம் தனித் தொடராக வைத்திருக்கிறேன். மேலே போகும் பழைய கோட்டை இழந்தது வருத்தம்தான், ஆனால் அது இனி எதையும் சொல்லாத கோடு.

இப்போது என் பழக்கம் இது. ஒரு தனிப் பதிவை எடைபோட ரீச் அடிப்படை. பார்த்தவர்களுக்கு அது பிடித்ததா என்பதுதான் அங்கே கேள்வி. கூட்டல் சிக்கலும் கிடையாது. வாரம், மாதம் என்று ஒரு காலத்தைப் பார்க்க இம்ப்ரெஷன் அடிப்படை, அல்லது புதிய தொடரில் `views` அடிப்படை. தேதியை எப்படி மாற்றினாலும் அந்த எண் உடையாது. தலைப்பில் வெறுமனே எங்கேஜ்மென்ட் ரேட் என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். எதால் வகுத்தது என்பது தலைப்பிலேயே இருக்கிறது. லிங்க்ட்இன் தன் ரேட்டில் கிளிக்குகளையும் சேர்த்து இம்ப்ரெஷனால் வகுக்கிறது, ஆகவே அதை இன்ஸ்டாகிராம் ரேட்டோடு ஒரே பட்டியலில் வைப்பதும் இல்லை.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. வாடிக்கையாளர் பதினேழு நாள் பிரச்சாரத்தின் ரீச் என்ன என்று கேட்டால் என் தாளில் பதில் இல்லை. ஏழும் இருபத்தெட்டும்தான் சேமிப்பில் இருக்கின்றன. அதனால் ரீச் கட்டத்துக்கு மட்டும் தேதி தேர்வை நீக்கிவிட்டு, "கடைசி 28 நாள்" என்று நிலையாக எழுதிவைத்திருக்கிறேன். பதினேழு நாள் கணக்கு வேண்டுமென்றால் செயலியைத் திறந்து, அங்கேயே தேதியைப் போட்டு, வரும் எண்ணைக் கையால் எடுத்து எழுதுகிறேன்.