ஒரே மீன், மூன்று விலை: ட்ரோ நோ பெட், டபுள் சான்ஸ், ஹாஃப் டைம்/ஃபுல் டைம் பற்றி மூன்று வருட அனுபவம்

போன வெள்ளிக்கிழமை இரவு உவர்மலையில் இருக்கிற என் கூட்டாளி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தான். அடுத்த நாள் பிரீமியர் லீக் உதைபந்தாட்டம் ஒன்றின் ஓட்ஸ், அதாவது போட்ட ஒரு ரூபாவுக்கு வென்றால் திரும்பக் கிடைக்கும் தொகை. கீழே ஒரு கேள்வி: "மச்சான், இடைவேளையில ஹோம் முன்னணி 2.75, கடைசியில ஹோம் வெற்றி 2.10. பெருக்கினா 5.78 வருது. ஆனா ரெண்டும் சேர்த்த ஹாஃப் டைம்/ஃபுல் டைமுக்கு 3.40தான் போட்டிருக்கிறாங்கள். இது களவுதானே?"

களவு இருக்கிறது, ஆனால் அவன் கைகாட்டிய இடத்தில் இல்லை. அதைச் சொல்லத் தொடங்கித்தான் இந்தப் பதிவு இவ்வளவு நீண்டுவிட்டது. இந்த மூன்று வகைப் பந்தயங்களையும் மூன்று வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறேன். எல்லாம் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதியும் வைத்திருக்கிறேன். எந்தப் பந்தயத் தளம் என்று சொல்லப்போவதில்லை. அந்த ஸ்கிரீன்ஷாட்டில் எந்த அணிகள் என்பதையும் விட்டுவிடுகிறேன், எழுதினால் சண்டை அதைப் பற்றித்தான் வரும்.

அந்த ஆட்டத்தின் சாதாரண விலை இது: சொந்த மைதான அணியான ஹோம் வென்றால் 2.10, சமநிலை 3.40, வெளியிலிருந்து வருகிற அவே வென்றால் 3.60. ஒவ்வொன்றாலும் 100ஐ வகுத்துக் கூட்டினால் 104.8 வரும். 100க்கு மேலே இருக்கிற அந்த 4.8தான் தளத்தின் கூலி. மற்ற எல்லாம் இந்த மூன்று எண்ணிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகள்தான். மீன் சந்தையில் முழுப் பாரையை நிறுத்து வாங்குவதற்கும் வெட்டிய துண்டை வாங்குவதற்கும் விலை வேறு என்பது நமக்குத் தெரியும். வெட்டுக்கூலி கொடுக்கிறோம், சரி. ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரியவேண்டாமா?

ட்ரோ நோ பெட்டில் தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்தது அது. ஹோம் வென்றால் காசு வரும், சமநிலை என்றால் போட்ட காசு திரும்பும், தோற்றால் போச்சு. இதை நாமே செய்துபார்க்கலாம். கையில் 1000 ரூபா இருக்கிறது. 294 ரூபாவைச் சமநிலையில் வையுங்கள். 3.40ஆல் பெருக்கினால் 1000 திரும்புகிறது, அதுதான் "காசு திரும்பும்" என்ற பகுதி. மிச்சம் 706 ரூபா ஹோமில். 2.10ஆல் பெருக்கினால் 1483. ஆக ட்ரோ நோ பெட்டின் விலை 1.48 ஆக இருக்கவேண்டும். திரையிலும் 1.48தான். வெட்டுக்கூலி இல்லை! முதல் தடவை இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த நாள் எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது.

அதைவிட ஒரு படி மேலே ஒன்று இருக்கிறது. அதே திரையில் கீழே போனால் ஹாண்டிகாப் பகுதியில் ஹோமுக்கு 0 என்று ஒரு வரி இருக்கும். 0 கோல் ஹாண்டிகாப் என்றால் சமநிலையில் காசு திரும்பும் என்றுதான் அர்த்தம். அப்படியே ட்ரோ நோ பெட்தான், பெயர்தான் வேறு. அந்த ஆட்டத்தில் அதன் விலை 1.52. ஒரே பண்டம், ஒரே கடை, இரண்டு தட்டு, இரண்டு விலை. எப்போதும் 0 தட்டில்தான் கூடுதல் என்றில்லை, சில நாள் மாறியும் இருக்கும். பார்க்காமல் வாங்கினால் பிழை நம்முடையது.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். டபுள் சான்ஸ்.

1X என்றால் ஹோம் வென்றாலும் சமநிலை வந்தாலும் காசு. X2 அவேக்கு அதே மாதிரி. 12 என்றால் யார் வென்றாலும் சரி, சமநிலை மட்டும் வரக்கூடாது. புதிதாக வருகிற எல்லாரும் முதலில் இதில்தான் விழுவார்கள், நானும் அப்படித்தான். 1Xஐயும் கையால் செய்யலாம். 1000 ரூபாவில் 618 ஹோமுக்கு, 382 சமநிலைக்கு. எது வந்தாலும் கையில் 1298. ஆகவே 1X சுமார் 1.30. திரையில் எவ்வளவு? 1.25.

ஐந்து சதம்தானே என்று நினைக்கிறவர்களிடம்தான் எனக்குக் கோபம். 1000 ரூபாவுக்கு நீங்கள் எதிர்பார்க்கிற லாபமே 298. அதில் 48 ரூபாவை முதலிலேயே எடுத்துவிட்டார்கள், ஆறில் ஒரு பங்கு. விலை 1க்குக் கிட்டக் கிட்ட வரும்போது சின்ன வெட்டு லாபத்தில் பெரிய துண்டைக் கொண்டுபோகும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. மற்ற இரண்டும் அப்படித்தான்: X2 கணக்குப்படி 1.75 வரவேண்டும், போட்டிருப்பது 1.68. 12க்கு 1.33 வரவேண்டும், போட்டிருப்பது 1.28. மூன்றையும் முன்னே சொன்ன மாதிரி வகுத்துக் கூட்டினால் 217.6 வரும். ஒவ்வொரு முடிவும் இரண்டு இடத்தில் வருவதால் நியாயமான கூட்டுத்தொகை 200. பாதியாக்கினால் 108.8. சாதாரண விலையில் 4.8 ஆக இருந்த கூலி இங்கே 8.8. பாதுகாப்பு வேண்டும் என்று வருகிறவனிடம்தான் கூடுதலாக எடுக்கிறார்கள்.

நியாயமாக ஒன்றும் சொல்லவேண்டும். கையால் பிரித்துப் போடும்போது முதல் பந்தயத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் விலை மாறிவிடலாம், எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது. பெரிய அணி 1.25, சமநிலை 6.00 என்று இருக்கிற ஆட்டத்தில் பிரித்தாலும் 1.03தான் வரும். 30 ரூபாவுக்காக 1000 ரூபாவை வைக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

12 பற்றிய கதை ஒன்று. 2022 டிசம்பர் 18, உலகக் கிண்ண இறுதி ஆட்டம், நம்முடைய நேரம் இரவு 8.30. உப்புவெளியில் ஒரு வீட்டு முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். என் மச்சினன் 12இல் போட்டிருந்தான். "இறுதி ஆட்டத்தில சமநிலை எங்கே அத்தான் வரும்? ஒருத்தன் கிண்ணம் தூக்கத்தானே வேணும்!" நான் ஆர்ஜென்டினா ட்ரோ நோ பெட். இன்னொருவர் ஆர்ஜென்டினா/ஆர்ஜென்டினா ஹாஃப் டைம்/ஃபுல் டைம், அதாவது இடைவேளையிலும் ஆர்ஜென்டினா முன்னணி, கடைசியிலும் ஆர்ஜென்டினா வெற்றி. இடைவேளையில் 2–0. அந்த மனிதர் எழும்பி எல்லாருக்கும் பிளேன்டீ சொல்லிவிட்டார். 80ஆவது நிமிடம் எம்பாப்பே பெனால்டி, அடுத்த நிமிடமே இன்னொன்று. 2–2, 90 நிமிடம் முடிந்தது.

இந்த மூன்றும் 90 நிமிடத்துக்கும் அதோடு சேர்க்கும் காயநேரத்துக்கும் மட்டும்தான். மேலதிக நேரத்தில் 3–3 ஆனதும், பெனால்டியில் 4–2 என்று மெஸ்ஸி கிண்ணம் தூக்கியதும் பந்தயக் கணக்கில் இல்லை. மச்சினனுடைய 12 தோற்றது. பிளேன்டீ சொன்னவருக்கும் போச்சு, முடிவு ஆர்ஜென்டினா/சமநிலை. என் 1000 ரூபா மட்டும் அப்படியே திரும்பியது. ஆர்ஜென்டினா உலகச் சம்பியன், எனக்கு லாபம் பூச்சியம். மச்சினன் இன்றுவரை அதைக் களவு என்றுதான் சொல்லுகிறான். விதியில் எழுதியிருக்கிறது, அவன் வாசிக்கவில்லை.

அப்புறம், கூட்டாளியின் கேள்வி. 2.75ஐயும் 2.10ஐயும் ஏன் பெருக்கக்கூடாது? ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு விசயங்களைத்தான் பெருக்கலாம். இங்கே இரண்டாவது முதலாவதின் மேல் நிற்கிறது. இடைவேளையில் முன்னணியில் இருக்கிற ஹோம் அணி ஏறத்தாழ நான்கில் மூன்று தடவை வென்றுவிடும். ஆகவே 2.75க்குப் பிறகு நீங்கள் தாண்டவேண்டியது 2.10 அல்ல, சுமார் 1.33தான். பெருக்கினால் 3.66. தளம் 3.40 போட்டிருக்கிறது. 5.78 எதிர்பார்த்தது அவனுடைய பிழை, 3.66க்கும் 3.40க்கும் இடையில் இருப்பது அவர்களுடைய கூலி.

அந்தக் கூலி எவ்வளவு பெரியது என்பதை அவனிடம் வேறு விதமாகக் காட்டினேன். இடைவேளையில் மூன்று, கடைசியில் மூன்று என்று சேர்ந்து வருகிற ஒன்பது முடிவுகளில் ஹோம் வெற்றியில் முடிகிறவை மூன்று: ஹோம்/ஹோம் 3.40, சமநிலை/ஹோம் 5.00, அவே/ஹோம் 23.00. மூன்றிலும் காசைச் சரியாகப் பிரித்துப் போட்டால் ஹோம் எப்படி வென்றாலும் உங்களுக்கு 1.86 கிடைக்கும். அதே ஹோம் வெற்றியை முழுதாக வாங்கினால் 2.10! ஒன்பதையும் வகுத்துக் கூட்டினேன், 117.9. டபுள் சான்ஸில் நான் கத்திய 8.8 இங்கே 17.9 ஆகிறது. முதல் இரண்டையும் சாதாரண விலையிலிருந்து எவரும் செய்துபார்க்கலாம். இதன் ஒவ்வொரு முடிவையும் அப்படிச் செய்ய முடியாது, தனித்தனியாக ஒப்பிட ஒன்றுமில்லை, அதனால் எவ்வளவும் ஏற்றலாம்.

பெரிய எண்கள்தான் இன்னும் மோசம். ஹோம்/அவே, அதாவது ஹோம் முன்னணியில் இருந்து கடைசியில் தோற்பது, 29.00 என்று போட்டிருந்தது. அந்த அணிகளுக்கு நான் வைத்த கோல் சராசரி ஹோம் 1.5, அவே 1.1. முதல் பாதியில் கொஞ்சம் குறைய, இரண்டாம் பாதியில் கொஞ்சம் கூட என்று பிரித்துக் கணக்குப் போட்டால் அது 60 ஆட்டத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் வருகிறது. 60க்கு ஒன்று நடப்பதற்கு 29 தருகிறார்கள்.

இனி கொப்பி. ட்ரோ நோ பெட் 112 தடவை, ஒவ்வொன்றும் 1000 ரூபா, மொத்தம் 4,300 நட்டம். டபுள் சான்ஸ் 60 தடவை, 5,100 நட்டம், கணக்கு சொன்ன மாதிரியே. ஹாஃப் டைம்/ஃபுல் டைம் 40 தடவை, 100 ரூபாப்படி, 340 லாபம். ஒரே ஒரு அவே/ஹோம் 23.00இல் விழுந்தது, அவ்வளவுதான் காரணம். அதை எடுத்துவிட்டால் கிட்டத்தட்ட 2,000 நட்டம்.

மூன்றிலும் நேர்மையான விலை ட்ரோ நோ பெட்டுக்குத்தான். ஆனால் அதைத்தான் உங்களுக்குச் சொல்லத் தயங்குகிறேன். சமநிலையில் காசு திரும்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், அந்த 1000 கணக்கில் கிடக்கும், பத்து நிமிடத்தில் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடும். இறுதி ஆட்டத்தன்று திரும்பிய காசும் அந்தக் கிழமையே முடிந்துவிட்டது. 112 என்ற எண்ணிக்கை வந்ததே அப்படித்தான். டபுள் சான்ஸை இனித் தொடமாட்டேன், தேவையென்றால் பிரித்துப் போடுவேன். ஹாஃப் டைம்/ஃபுல் டைமை ஒருவருக்கும் சொல்லமாட்டேன், 340 லாபம் என்று என் கொப்பி சொன்னாலும்.

இவ்வளவையும் குரல் பதிவாகக் கூட்டாளிக்கு அனுப்பினேன். அடுத்த நாள் காலையில் பதில் வந்தது: "விளங்கிச்சு மச்சான். அப்ப 3.40ல போடாம 23.00ல போடுறன்."